தீர்ப்பு வேண்டாம், தடுக்கிய இடம் வேண்டும்

எழுதியதை நண்பர்களிடம் படிக்கக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. வாசகர் வட்டங்களில், கல்லூரி இதழ்களில், நூலகத்து மாடியில் ஞாயிறு கூடும் சிறு குழுக்களில் எல்லாம் இது நடக்கிறது. அப்படிப் படிப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், குறையை மறைக்காதவனே நல்ல நண்பன் என்பார்கள். கொஞ்சம் மென்மையானவர்கள், முதலில் நாலு நல்லதைச் சொல்லி மனதைக் குளிர வைத்துவிட்டு, அப்புறம் குறையைச் சொல் என்பார்கள். கேட்பதற்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். அடிப்படை ஒன்றேதான். படிப்பவர் நீதிபதி, எழுதியவர் கூண்டில் நிற்பவர். நீதிபதி எவ்வளவு நேர்மையாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு எழுத்து திருந்தும் என்று இரு தரப்புமே நம்புகிறது.

இந்த நம்பிக்கை தவறு என்கிறேன். நேர்மையான தீர்ப்பும் சரி, இனிப்புத் தடவிய தீர்ப்பும் சரி, அடுத்த படியில் ஒரு வரியைக்கூட மாற்றுவதில்லை. வரைவைத் திருத்த வைப்பது வேறொன்று. படித்தவர் எந்த இடத்தில் தடுக்கினார், எந்த இடத்தில் நம்ப மறுத்தார், எதை என்னவாகப் புரிந்துகொண்டார் என்கிற தகவல்தான் அது. இந்தத் தகவலைத் தருவதற்கு இலக்கணப் புலமையோ விமர்சகரின் அதிகாரமோ தேவையில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆகவே சக மாணவரால், சக எழுத்தாளரால் இதை முழுமையாகத் தர முடியும்.

தீர்ப்பு சொல்லும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அரங்கேற்றக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கம்பர் கையாண்ட ‘துமி’ என்ற சொல்லுக்கு அவையில் தடை எழுந்தது. கலைமகளே இடைக்குலப் பெண்ணாக வந்து, மோர் கடைந்தபடி அந்தச் சொல்லைப் பேசிக் காட்டினாள் என்கிறது கதை. கச்சியப்பர் கந்தபுராணத்தின் முதல் பாட்டில் அமைத்த சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லை என்று காஞ்சியில் ஒருவர் எழுந்தார். மறுநாள் சோழநாட்டுப் புலவராக முருகன் வந்து, வீரசோழியத்தில் விதி இருக்கிறது என்று காட்டினான் என்கிறது இன்னொரு கதை. திருவிளையாடலில் நக்கீரர் சிவனிடமே குற்றம் கண்டார், நெற்றிக்கண்ணுக்கு ஆளானார். இவை மரபுக் கதைகள். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் பொதுவாக உள்ள ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கதையிலும் பாட்டு மாறுவதில்லை. தடை எழுகிறது, விடை வருகிறது, யாரோ ஒருவர் வெல்கிறார். புலவர் வீட்டுக்குப் போய் அந்த இடத்தை வேறு விதமாக எழுதிப் பார்த்தார் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. முடிந்த நூலை அவையில் ஏற்றுவதற்கான சடங்கு அது. நாமோ அந்தச் சடங்கை, முடியாத வரைவின் மேல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அதே மரபில் முற்றிலும் வேறான ஒரு கதையும் இருக்கிறது. அதை ஏனோ இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. இறையனார் களவியலுக்கு ஆளாளுக்கு உரை எழுதியபோது, எது சிறந்த உரை என்று தேர்ந்து சொல்ல உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை உட்கார வைத்தார்கள். அவன் நல்லது கெட்டது என்று எதுவும் சொல்லவில்லை. பேச வராதே! உரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். மருதனிளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் கண்ணீர் வந்தது, மயிர் சிலிர்த்தது. நக்கீரர் உரையிலோ சொல்லுக்குச் சொல் அப்படி ஆயிற்று. அந்தப் பையன் கொடுத்தது என்ன? எந்த இடத்தில் தனக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும். மருதனிளநாகனார் அந்த அவையில் கூர்ந்து பார்த்திருந்தால், தன் உரையில் எந்தெந்த இடம் உயிரோடிருக்கிறது, எந்த இடம் செத்துக் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுந்திருப்பார். எத்தனை புலவர்கள் குற்றம் சொன்னாலும் அந்தத் தகவல் அவருக்குக் கிடைத்திருக்காது.

கதையை விட்டுவிட்டு, கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அனுப்பம்பட்டு, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் இருக்கும் ரயில் நிலையம். இங்கே எங்கள் எழுத்துக் குழுவுக்கு உள்ளூர் விவசாயக் குடும்பப் பிள்ளைகளும் வருகிறார்கள், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் வருகிறார்கள். ஏரிக்கரைப் பையன் ஒருவன் பாடு முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வந்தான். ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் சுற்றி வரச் செய்வது. அவன் எழுதிய முக்கியமான பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: எங்கள் பகுதியில் பாடு முறை தொன்றுதொட்டு இருந்து வருகிறது, இது நம் முன்னோரின் அறிவுக்குச் சான்று, இம்முறையால் அனைவருக்கும் சமமான வாய்ப்பு கிடைக்கிறது, சண்டை சச்சரவு இல்லாமல் சமத்துவம் நிலவுகிறது.

முதல் சுற்றில் குழுவினர் வழக்கப்படி கருத்துச் சொன்னார்கள். ஒருவர் ‘அருமையான பதிவு’ என்றார். இன்னொருவர் ‘நடை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்’ என்றார். ஏரிக்கரைக்காரர் ஒருவர் ‘எங்க ஊரை அப்படியே கண் முன்னால நிறுத்திட்டான்’ என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். தமிழ் படித்த ஒருவர் ஒற்று மிகும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் சரிசெய்து கொடுத்தார். பையன் மறுவாரம் புதிய படியைக் கொண்டுவந்தான். ஒற்றுப் பிழைகள் போயிருந்தன. ‘அறிவுக்கு’ என்பது ‘மதிநுட்பத்துக்கு’ என்று மாறியிருந்தது. மற்றபடி கட்டுரை இருந்தபடியே இருந்தது. அவன் சோம்பேறி இல்லை. ‘ஆழமாக எழுது’ என்றால் எந்த வரியில் தோண்டுவது என்று யாரும் சொல்லவில்லையே, அவன் என்ன செய்வான்?

இது இந்தப் பையனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார். மாணவர்கள் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது என்றே எடுத்துக்கொண்டார்கள். அனுபவசாலிகள் தாங்கள் சொல்ல வந்தது என்ன என்பதையே திருத்தும்போதுதான் கண்டுபிடித்தார்கள். 1982இல் அவர் ஆசிரியர்கள் ஓரத்தில் எழுதும் குறிப்புகளைப் பார்த்தார். பெரும்பாலான குறிப்புகள் எந்தக் கட்டுரைக்கும் பொருந்துவனவாக இருந்தன. ஒரு தாளிலிருந்து எடுத்து இன்னொரு தாளில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது. கருத்துச் சொல்லும் ஒவ்வொருவரும் தன்மீது வைத்துப் பார்க்க வேண்டிய சோதனை இது. ‘இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்’ என்பதைப் பாடு பற்றிய கட்டுரையிலிருந்து பிய்த்துப் பொங்கல் பற்றிய கட்டுரையில் ஒட்டிப் பாருங்கள். கச்சிதமாக உட்காரும். அதனால்தான் அது இரண்டுக்குமே பயன்படாது.

இரண்டாம் சுற்றில் வேறு விதமாகச் செய்தோம். கருத்து எதுவும் சொல்லக் கூடாது. நாலு வரி எழுதித் தர வேண்டும். கட்டுரை என்ன சொல்கிறது என்று நீ புரிந்துகொண்டதை ஒரு வாக்கியத்தில் எழுது. படித்துக்கொண்டு போகும்போது நின்று, திரும்பப் படித்த வரி எது? நம்ப முடியாமல் போன வரி எது? இன்னும் கேட்க ஆசைப்பட்ட வரி எது? அவ்வளவுதான். எழுத்துப் பிழையைத் தொடக் கூடாது. நாளைக்கு இருக்கப் போகிறதா என்றே தெரியாத வாக்கியத்தில் ஒற்றைச் சரிசெய்வது வீண். அது மட்டுமல்ல, சரிசெய்த வாக்கியத்தை வெட்ட எழுதியவருக்கு மனம் வராது. பிழை திருத்தம் வரைவை இறுக்கிவிடும். அதைக் கடைசிப் படிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இப்படி எழுதித் தந்தாள். புரிந்துகொண்டது: ஏரியில் மீன் பிடிக்கிற எல்லோரும் சமம். நின்ற இடம்: ‘பாடு முறை’ என்று வந்த முதல் வரி. சீட்டை யார் எடுப்பது, ஒரு முறை விழுந்தால் எத்தனை நாளுக்கு என்பது கடைசி வரை தெரியவில்லை. நம்பாத இடம்: ‘அனைவருக்கும்’. ஏரி ஓரச் சேற்றில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் பாடு உண்டா? கேட்க ஆசைப்பட்டது: சீட்டு எடுக்கிற அன்றைக்கு என்ன நடக்கும்?

பையன் அந்தத் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதற்கு அவனிடம் பதில் இருந்தது. பாடு எல்லோருக்கும் உரியதல்ல. அந்த உரிமை உள்ள சில குப்பங்களைச் சேர்ந்த, பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்குத்தான். இருளர்களுக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை, பின்னால் மீன்பிடிக்க வந்த பிற சமூகத்தாருக்கும் இல்லை. பழவேற்காட்டு மீனவர்களைப் பற்றி சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த விஷயம் பேசப்படுகிறது. பாடு முறைக்குள் இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் என்ற பிரிவு, ஏரி மாறும்போது யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையே தீர்மானிக்கிறது. இது பையனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்ததனாலேயே எழுதவில்லை. ‘அனைவருக்கும்’ என்று எழுதும்போது அவன் மனதில் இருந்தது அவனுடைய ஊர்க்காரர்கள் அனைவரும்.

‘எங்க ஊரைக் கண் முன்னால நிறுத்திட்டான்’ என்று சொன்ன ஏரிக்கரைக்காரருக்கும் அதே காரணத்தால் அந்த ஓட்டை தெரியவில்லை. எழுத்தில் இல்லாததை அவர் தன் மனதிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொண்டு படித்தார். அவர் பொய் சொல்லவில்லை, முழு நேர்மையோடுதான் பாராட்டினார். நேர்மையைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? விஷயம் தெரிந்தவரின் நேர்மையான பாராட்டு கட்டுரையை அப்படியே விட்டுவிட்டது. விஷயம் தெரியாத பெண்ணின் ஒரு கேள்வி அதைப் புரட்டிப் போட்டது. ‘சக மாணவனுக்கு என்ன தெரியும், ஆசிரியர் சொன்னால்தானே சரி’ என்பவர்களுக்கும் இதுதான் பதில். அவளுக்குத் தெரியாது என்பதுதான் அங்கே தேவைப்பட்ட தகுதி.

மூன்றாம் படியில் கட்டுரை வேறாகிவிட்டது. சீட்டு எடுக்கும் நாளில் தொடங்கியது. யார் யார் வந்து உட்காருகிறார்கள், யார் பெயர் அழைக்கப்படுகிறது என்று போனது. முன்னோர் புகழ் முழுதும் போயிற்று. ‘சமத்துவம் நிலவுகிறது’ என்று இருந்த இடத்தில், முறைக்குள் இருப்பவர்களிடையே சண்டையைத் தடுக்கும் இதே ஏற்பாடு, முறைக்கு வெளியே இருப்பவர்களை ஏரியின் ஓரத்துக்குத் தள்ளுகிறது என்ற வாக்கியம் வந்தது. அந்த வாக்கியத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் ஒன்று தவறாகவும் இருந்தது. பேச்சுவாக்கில் அவள் ஒரு யோசனையும் சொன்னாள். ‘பாடு என்றால் என்ன’ என்று முதல் பத்தியிலேயே வரையறை கொடுத்துவிடு என்றாள். அவன் அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரியே. வரையறையில் தொடங்கியிருந்தால் பாடப்புத்தகம் ஆகியிருக்கும். ஆனால் அவள் நின்ற இடம் உண்மை. அங்கே ஏதோ ஒன்று குறைகிறது. என்ன குறைகிறது, எப்படி நிரப்புவது என்பது எழுதியவர் வேலை. வாசகர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் சரியாக இருக்காது. நம் வழக்கமோ தலைகீழ். வாசகரிடம் மருந்தைக் கேட்கிறோம், அது பிடிக்கவில்லை என்றதும் இடத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

தீர்ப்பு ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் உண்டு. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல், பின்னூட்டம் குறித்து அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில், பின்னூட்டம் கிடைத்த பிறகு வேலையின் தரம் இறங்கியிருந்தது. கவனம் வேலையை விட்டுத் தன் மேல் திரும்பும்போது, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்வி எழும்போது, பலன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். வசவு மட்டுமல்ல, புகழும் கவனத்தை அப்படித் திருப்பக்கூடியது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணைக் கண்டதும் குறிப்பு காணாமல் போய்விடுகிறது. ‘முதலில் நாலு நல்லது சொல்’ என்ற உபாயமும் இதனால்தான் தோற்கிறது. அந்த நாலும் எழுதியவனைப் பற்றியவை. அவன் நாலையும் கேட்டுவிட்டு ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருக்கிறான். ‘சீட்டு எடுக்கிற நாளைப் பற்றி இன்னும் கேட்க ஆசை’ என்பதும் ஒரு வகையில் பாராட்டுதான். ஆனால் அது அவனை விட்டுவிட்டுத் தாளைப் பற்றிப் பேசுகிறது, அடுத்து எங்கே எழுத வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

கருத்தைப் பெறுகிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. கேட்கும்போது வாய் திறக்கக் கூடாது. இதில் எங்கள் குழுவில் விட்டுக்கொடுப்பதில்லை. ‘இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா’ என்று தொடங்கினால் எல்லாம் போயிற்று. வாயால் சொல்லிவிட்ட விளக்கம் தாளுக்குப் போவதில்லை. சொன்னதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது, கேட்டவரும் தலையாட்டிவிடுகிறார், வரைவு அப்படியே கிடக்கிறது. பீட்டர் எல்போ 1973இல் ஆசிரியர் இல்லாமல் எழுதிப் பழகுவதைப் பற்றி எழுதிய நூலிலும் இந்த மௌனத்தை வலியுறுத்துகிறார். எழுதியவரே உரக்கப் படிப்பதையும் நாங்கள் விட்டுவிட்டோம். அவர் குரல் ஓட்டைகளை எல்லாம் மூடிவிடுகிறது. வேறொருவர் கையில் தாளைக் கொடுத்து, முன்னேற்பாடு இல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் மூச்சு தடுமாறும் இடம், ஒரு வாக்கியத்தின் பாதியில் பின்னோக்கிப் போகும் இடம், அவர் கேட்காமலே கிடைக்கும் கருத்து.

படிப்பவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். பத்துப் பேர் படித்தால் பத்துத் திசை வரும், எழுதியவர் யாருக்கும் கோபம் வராதபடி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு வைப்பார். இரண்டு பேர் ஒரே வரியில் நின்றிருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு பெரிய மாற்றம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு நாம் பெரும்பாலும் செய்யாமல் விட்டுவிடும் காரியம் ஒன்று இருக்கிறது. புதிய படியை அதே வாசகரிடம் திரும்பக் கொடுத்து, முன்பு நின்ற இடத்தில் இப்போதும் நிற்கிறாயா என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காத வரை, திருத்தம் நடந்ததா, சொல் மட்டும் மாறியதா என்று யாருக்கும் தெரியாது. படித்துச் சொல்பவரும் தான் சொன்னது பலித்ததா என்று தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ளுவார். அவருக்கும் இதில் பங்கு உண்டு. 2009இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரமும் வெண்டி பேக்கரும் இரண்டாம் மொழியில் எழுதப் பழகும் மாணவர்களைப் பார்த்தார்கள். பிறர் வரைவைப் படித்துக் கருத்துத் தரப் பழகியவர்கள், கருத்தைப் பெற மட்டும் பழகியவர்களைவிடத் தங்கள் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறினார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்விக்கு வருகிறேன். குறையைக் குறை என்று சொல்லாமல் இப்படிச் சுற்றி வளைப்பது மழுப்பல் இல்லையா? ‘இது மோசம்’ என்று கேட்டவன் வருத்தப்படுவான், அல்லது கோபப்படுவான். இரண்டுக்கும் அவனிடம் ஏற்கெனவே பதில் உண்டு. ‘இந்த வரியை நான் நம்பவில்லை’ என்று கேட்டவனால் அப்படித் தப்ப முடியாது. அந்த வரி உண்மையா என்று அவன் போய்ப் பார்த்தாக வேண்டும். எது மழுப்பல், எது கடுமை?

இந்த முறையால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. குழுவில் எல்லோருக்கும் ஒரே தவறான தகவல் இருந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்தப் பெண் ஏரி ஓரத்தில் இருளர்களைப் பார்த்திராவிட்டால் ‘அனைவருக்கும்’ என்பது அச்சுக்கே போயிருக்கும். அங்கே விஷயம் அறிந்த மூத்தவர் ஒருவர் வேண்டும், ஆவணம் வேண்டும். வயதிலோ சாதியிலோ மேலே இருப்பவர் எழுதியதில் ‘நம்பவில்லை’ என்று எழுதிக் கொடுக்க இளையவருக்குத் துணிச்சல் வராது என்பதும் உண்மை. பெயர் எழுதாத தாள் கொஞ்சம் உதவும். முழுக்க உதவாது, சிறிய குழுவில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் குழுவில் மூத்தவர் தன் வரைவைத்தான் முதலில் நடுவில் வைக்க வேண்டும், தன்மீது வந்த கேள்வியால் தன் படியில் எந்த வரி மாறியது என்பதை மறுவாரம் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உண்மையில் நின்ற இடத்தை எழுதத் தொடங்குகிறார்கள். அதுவரை வரும் தாள்களில் பாதி மரியாதைக்கு எழுதியவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.